ஏ.டி.எம். பணம் தராதபோது எழுதும் கடிதம்

ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் கேட்கிறீர்கள். இயந்திரம் உள்ளே எதையோ எண்ணும் சத்தம் கேட்கிறது, பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் கழித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. கோபம் வருவது இயல்பு. வங்கியின் புகார்ப் பிரிவில் இருக்கும் எங்களுக்கு அந்தக் கோபம் புதிதல்ல, அதில் தப்பும் இல்லை. ஆனால் கடிதத்தில் விவரம் வர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டால் நட்டம் எழுதியவருக்குத்தான்.

புகார் கைக்கு வந்ததும் நாங்கள் தேடுவது இயந்திரத்தின் பதிவேட்டை. எந்த நேரத்தில் எந்த அட்டை செருகப்பட்டது, நோட்டுகள் வெளியே வந்தனவா, பிழை ஏதும் பதிவானதா என்பதெல்லாம் அதில் இருக்கும். இயந்திரத்தில் உள்ள பணத்தைக் கணக்குப் பார்க்கும்போது, வெளியே வராத தொகை உபரியாக நிற்கும். இரண்டும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. பதிவேட்டில் உங்களுக்குரிய வரியைக் கண்டுபிடிக்கத் தேதி, நேரம், ஏ.டி.எம். இருக்கும் இடம், சீட்டு வந்திருந்தால் அதிலுள்ள இயந்திர எண்ணும் பரிவர்த்தனை எண்ணும், தொகை, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். ரகசிய எண்ணை எழுதவே கூடாது. இயந்திரம் வேறு வங்கியுடையதாக இருந்தாலும் புகாரை உங்களுக்கு அட்டை தந்த வங்கியிடமே கொடுங்கள். இயந்திரத்தின் சொந்தக்கார வங்கியிடம் கேட்டு வாங்குவது அவர்கள் வேலை.

இரண்டு பக்கம் எழுதி, அதில் நேரத்தை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். "உங்கள் வங்கியை நாறடித்துவிடுவேன், போலீசுக்குப் போவேன், 5 லட்சம் நட்ட ஈடு கேட்பேன்" என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். எத்தனை மணிக்கு நடந்தது என்பது மட்டும் இருக்காது. அதைக் கேட்டு நாங்கள் பதில் எழுத, அவர் இன்னும் கோபமாகத் திருப்பி எழுத, ஒரு வாரம் போய்விடும். வழக்கு என்ற சொல் வந்துவிட்டால் இன்னொன்றும் நடக்கும். மேசையில் இருப்பவர் தானே பதில் எழுதத் தயங்கிக் கோப்பைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார். அங்கே ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுத்தான் பதில் தயாராகும். "தவறு எங்களுடையது" என்று எளிதாகச் சொல்லியிருக்கக்கூடியவர்கூட அதன் பிறகு அப்படிச் சொல்லமாட்டார்.

அந்த 5 லட்சமும் கெடுதல்தான். உங்களுக்கு உண்மையில் சேர வேண்டியதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திருப்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும். இவை காலண்டர் நாட்கள், விடுமுறையும் சேர்த்தி. மார்ச் 3 அன்று நடந்தது என்றால் கெடு மார்ச் 8. பணம் 20ஆம் தேதி வந்தால் தாமதம் 12 நாள், சேர வேண்டியது 1,200 ரூபாய். இந்தக் கணக்கோடு வரும் கடிதத்துக்கு எங்களால் மறுப்பு எழுத முடியாது. 5 லட்சத்தை "ஆதாரமில்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம், அந்த 1,200 ரூபாயும் அதோடு சேர்ந்து கண்ணில் படாமல் போகும்.

அழுத்தமும் மரியாதையும் ஒரே கடிதத்தில் இருக்கலாம். இப்படி:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, மார்ச் 3 மாலை 6.42 மணிக்கு, கீழ்க்கண்ட ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. விதிப்படி மார்ச் 8க்குள் திரும்பியிருக்க வேண்டும். இன்றுவரை வரவில்லை. தொகையையும், 8ஆம் தேதிக்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாயையும் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். 30 நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன்."

கடைசி வரியும் எச்சரிக்கைதானே என்று கேட்கலாம். மிரட்டலுக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. அது உண்மையிலேயே இருக்கிற வழி, அதற்கு விதியில் சொன்ன கெடுவும் இருக்கிறது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ புகாரை நிராகரித்தாலோ, கட்டணமில்லாமல் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆகவே நாங்கள் அந்த வரியைப் படித்ததும் நாட்காட்டியில் தேதியைக் குறித்துக்கொள்வோம். "விடமாட்டேன்" என்பதற்குக் குறித்துக்கொள்ளத் தேதி இல்லை.

நீங்கள் எழுதிய அதே கடிதம்தான் நாளை குறைதீர்ப்பாளர் மேசைக்கும் போகும். உங்களைத் தெரியாத ஒருவர் அதைப் படித்து முடிவெடுக்கப் போகிறார். ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின் விதிகளில், வசைபாடும் புகாரையும் அற்பமான புகாரையும் ஏற்கத் தேவையில்லை என்றே இருக்கிறது. அதே விஷயம் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தாலும் ஏற்கமாட்டார்கள். கோபத்தில் முதலில் வழக்குப் போட்டவர் கட்டணமில்லாத இந்த வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார்.

பெரும்பாலும் 10,000 ரூபாய் வந்துவிடும், தாமதத் தொகை வராது. பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அப்போது பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினால் போதும்: "பணம் மார்ச் 20இல் வந்தது, நன்றி. 12 நாள் தாமதத்துக்கான 1,200 ரூபாய் இன்னும் வரவில்லை."