கையெழுத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம்: சித்திக்கு அனுப்பிய பார்சல்

போன தடவை சித்தி வீட்டுக்கு நான் அனுப்பிய மேசை விளக்கு உடைந்துதான் போய்ச் சேர்ந்தது. உடைந்தது கூடப் பரவாயில்லை, இழப்பீடு கேட்டபோது கூரியரிலிருந்து வந்த ஒரு வரி பதில்தான் இன்னும் எரிகிறது: நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறதே என்றார்கள். போட்டது சித்திகூட இல்லை, பக்கத்து வீட்டுப் பையன். சித்தி வெளியே போயிருந்தார், அவன் நல்ல எண்ணத்தில் வாங்கி வைத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அந்தக் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பா என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். நாடு விட்டு நாடு விமானத்தில் போகும் சரக்குக்கான 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையிலேயே இது எழுதி இருக்கிறது. புகார் எதுவும் சொல்லாமல் பெறுநர் வாங்கிக்கொண்டால், சரக்கு நல்ல நிலையில் வந்தது என்பதற்கு அதுவே முதற்கட்டச் சான்று. இல்லை என்று நிரூபிக்கலாம்தான், ஆனால் அந்தச் சுமை அதற்குப் பிறகு நம் தலையில். சேதம் தெரிந்தவுடன், எப்படியும் வாங்கிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள், எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். உள்ளூர் கூரியர்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது, அவரவர் விதி அவரவருக்கு. கெடு இன்னும் குறைவாகவும் இருக்கலாம், அதனால் ரசீதின் பின்பக்கத்தை ஒரு தடவையாவது படித்துவிடுவது நல்லது.

இந்த முறை அனுப்பியது சித்தப்பா பிறந்தநாளுக்கு ஒரு பெண்டுலம் கடிகாரம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. சித்திக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். முதலில் எழுதியது ஏறக்குறைய முப்பது வரி. உடன்படிக்கை, இழப்பீடு, போட்டோ எந்தக் கோணத்தில் எடுப்பது என்று எல்லாம் இருந்தது. "சரிப்பா, பார்த்துக்கிறேன்" என்று பதில் வந்தது, அதாவது படிக்கவில்லை. போன் செய்தால், "அந்த ஆள் வாசல்ல நிக்கிறப்போ இதையெல்லாம் எப்படிப்பா படிக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. வாசலில் கிடைப்பது இரண்டு நிமிடம், அதற்குள் என்ன செய்ய முடியுமோ அதை மட்டும்தான் எழுத வேண்டும். இரண்டாவது மெசேஜ் இப்படிப் போனது:

"சித்தி, செவ்வாய் அல்லது புதன் உங்கள் பெயரில் ஒரு பெட்டி வரும். ஒன்றே ஒன்றுதான், தலையணை அளவு, 5.4 கிலோ. உள்ளே கண்ணாடிச் சாமான், என்ன என்று கேட்காதீர்கள், சித்தப்பாவிடமும் சொல்லாதீர்கள். நீங்கள் இல்லாதபோது யாரும் வாங்க வேண்டாம், இன்னொரு நாள் கொண்டுவரச் சொன்னால் போதும்.

கையெழுத்துப் போடும் முன், ஓடிபி சொல்லும் முன், பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி ஆறு பக்கமும் பாருங்கள். நான் ஒட்டிய டேப் நிறமில்லாதது, அதன் மேல் நீலப் பேனாவில் என் கையெழுத்து குறுக்கே போகும், போட்டோ கீழே. மூலை நசுங்கியிருந்தால், நனைந்திருந்தால், டேப் வேறாக இருந்தால் அப்படியே போட்டோ எடுத்துவிட்டு, என்ன பார்த்தீர்களோ அதைக் கையெழுத்தோடு எழுதுங்கள். 'வலது மூலை நசுங்கியுள்ளது' என்ற மாதிரி. திருப்பி அனுப்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் அந்த ஆள் நிற்கும்போதே எனக்கு போன் பண்ணுங்கள்."

இதில் சில விஷயங்களை யோசித்துத்தான் வைத்தேன். முதலில் ஓடிபி. கையெழுத்துப் போடாமல் எண்ணை மட்டும் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று சித்தி மாதிரி நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஓடிபி கேட்டுக் கொடுக்கும் இடங்களில் அந்த எண்தான் கையெழுத்து. சொன்ன நொடியில் டெலிவரி முடிந்ததாகப் பதிவாகிவிடும், அதற்கப்புறம் பெட்டியைச் சுற்றிப் பார்த்து என்ன பயன்?

அடுத்தது டேப். அனுப்பும் முன் பெட்டியின் மூடி சேரும் கோட்டில், டேப்பும் அட்டையும் சேர்த்து, குறுக்காகக் கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். யாராவது வெட்டித் திரும்ப ஒட்டினால் அந்தக் கோடு சரியாகச் சேராது. பரிசு என்னவென்று சொல்லாமலே சித்தியால் சரிபார்க்க முடிகிற விஷயம் இது ஒன்றுதான். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைக்கிறவர்கள் பெட்டிக்குள் என்ன என்பதை மறைக்கலாம், பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதை மறைக்கக் கூடாது.

திறந்து பார்க்கச் சொல்லி நான் எழுதவே இல்லை, கவனித்தீர்களா? கையெழுத்துக்கு முன் திறக்கப் பல கூரியர்களில் விட மாட்டார்கள், விட்டாலும் அவருக்கு அன்றைக்கு இன்னும் பல வீடு இருக்கிறது. அதனால் வாசலில் நடப்பது வெளிப்பக்கச் சோதனை மட்டும். உள்ளே உடைந்திருந்து வெளியே ஒன்றும் தெரியாத சேதத்துக்கு, கதவைச் சாத்தியபின் உடனே திறந்து பார்ப்பதுதான் வழி. சித்தி பிறந்தநாள் வரை பிரிக்காமல் வைத்திருந்தால் கெடு போய்விடும். அதனால் ஆச்சரியத்தைச் சித்தியிடம் மட்டும் கொஞ்சம் தியாகம் செய்ய வேண்டியதாயிற்று.

புதன்கிழமை காலை போன் வந்தது. பின்னணியில் ஒருவர் "அம்மா, சீக்கிரம்" என்று சொல்வது கேட்கிறது. சித்தி சொன்ன முதல் விஷயம் நான் எதிர்பார்க்காதது: "டேய், 5.4 கிலோன்னு எழுதியிருக்கே, இதுல 9.6னு இருக்கு. இது நம்ம பெட்டிதானா?"

தப்பு என்னுடையது. பெட்டியின் அளவு 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 20 உயரம். பெரிய ஆனால் லேசான பெட்டிக்குக் கூரியர்கள் எடையைப் பார்ப்பதில்லை, அடைக்கும் இடத்தைப் பார்க்கிறார்கள். மூன்றையும் பெருக்கினால் 48,000, அதை 5,000 ஆல் வகுத்தால் 9.6. லேபிளில் அச்சானது அந்தக் கணக்கு எடை. வீட்டுத் தராசில் நான் நிறுத்தது 5.4. இரண்டையும் எழுதியிருக்க வேண்டும். வகுக்கும் எண் எல்லாக் கூரியருக்கும் ஒன்றல்ல, ஆனால் எண்கள் ஏன் வேறுபடும் என்பது ஒரு வரி விஷயம். அந்த ஒரு வரி இல்லாததால் சித்தி பெட்டியையே திருப்பி அனுப்பப் பார்த்தார்.

அடுத்துச் சொன்னது: "இடது கீழ் மூலை உள்ள போயிருக்கு, என் கைமுட்டி அளவுக்கு. டேப் உன்னோடதுதான், கோடு சேருது." அதாவது யாரும் திறக்கவில்லை, ஆனால் எங்கோ மூலை தரையில் மோத விழுந்திருக்கிறது. ஆட்டிப் பார்க்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். விரிசல் விட்ட கண்ணாடி ஆட்டினால் நொறுங்கும், அப்புறம் எது எப்போது உடைந்தது என்று நமக்கே தெரியாது.

எழுதும் இடத்தில் அடுத்த சிக்கல். காகிதம் இல்லை, டெலிவரிக்காரருடைய போன் திரையில் விரலால் கையெழுத்து. "ரிமார்க் எழுத இதுல இடமில்லம்மா" என்றார். சித்தி, என் சித்தி, கையெழுத்துக் கட்டத்துக்குள்ளேயே மேலே "மூலை சேதம்" என்று எழுதி, கீழே பெயரைப் போட்டு, அவர் பொத்தானை அழுத்தும் முன் அந்தத் திரையைத் தன் போனில் படம் எடுத்துவிட்டார். இதை நான் சொல்லித் தரவில்லை. "பரிசோதித்த பின்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை விட இந்த இரண்டு சொல் எவ்வளவோ மேல். முன்னது யார் வேண்டுமானாலும் எந்தப் பெட்டிக்கும் எழுதலாம். பின்னது இந்தப் பெட்டியில் கண்ணால் கண்டது.

திருப்பி அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததே என்று சித்தப்பாவின் தம்பி அப்புறம் கேட்டார். மறுத்தால் பெட்டி வந்த வழியே இன்னொரு பயணம் போகும், அடிபட்ட மூலையோடு. வழியில் மேலும் உடைந்தால் எந்தப் பயணத்தில் உடைந்தது என்ற கேள்வி வரும், உள்ளே என்ன ஆனது என்பதற்கு நம்மிடம் ஒரு படமும் இருக்காது. பெட்டி பிரிந்து காலியாக வந்தாலோ, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தாலோ மறுப்பேன். மூலை நசுங்கலுக்கு எழுதி வாங்குவதுதான் என் முடிவு.

கதவைச் சாத்திய கையோடு வீடியோ காலில் திறந்தோம். முதலில் லேபிள் தெரிய ஒரு முறை சுற்றிக் காட்டி, அப்புறம் டேப்பை வெட்டி, பொதிவை எடுக்காமல் மேலிருந்து ஒரு படம். இது முக்கியம். பொதிவு சரியாக இருந்ததா என்றுதான் முதலில் கேட்பார்கள், போதாத பொதிவு என்றால் அனுப்பியவர் பொறுப்பாகிவிடும். எல்லாப் பக்கமும் இரண்டு அடுக்கு குமிழ்த்தாள் சுற்றியிருந்தேன், ஆனால் மூலையில் மட்டும் கொஞ்சம் மெலிவு, படத்தில் பார்க்கும்போதே எனக்குத் தெரிந்தது. கண்ணாடியில் இடது கீழிருந்து மேலே ஒரு விரிசல், முக்கால் அடி இருக்கும். பெண்டுலமும் இயந்திரமும் நன்றாக இருந்தன.

அன்று மாலையே எழுத்தில் புகார் கொடுத்தேன். வெளிப்பெட்டி, மூலை, லேபிள், பொதிவு, விரிசல் ஆகிய படங்கள், கடிகாரம் வாங்கிய பில், கையெழுத்துத் திரையைச் சித்தி எடுத்த படம் எல்லாம் சேர்த்து. பொதிவு போதவில்லை என்று ஒரு முறை இழுத்தார்கள், மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைத் திரும்ப அனுப்பினேன். கையெழுத்தைப் பற்றி இந்தத் தடவை ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் கடிகாரத்தின் முழு விலை இல்லை, கண்ணாடி மாற்றும் செலவு மட்டும் கிடைத்தது. உடைந்தது அதுதான் என்பதால் எனக்கு அது சரியாகவே பட்டது.

கடிகாரம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் பிந்திச் சுவரேறியது. பெட்டியை மட்டும் எறியாதீர்கள், நேரில் பார்க்க வந்தாலும் வருவார்கள் என்று சொல்லியிருந்தேன், பணம் வந்த பிறகு இனி எறியலாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். நேற்று சித்தியிடமிருந்து மெசேஜ்: "உன் நசுங்கின பெட்டி பரண்ல பாதி இடத்தை அடைச்சிருக்கு. இன்னும் எவ்வளவு நாள்?"