குரூப் 2 வரலாறு: 1930-களைச் சமையலறையில் வைத்துப் படித்தேன்

டிஎன்பிஎஸ்சி குரூப் 2 முதல்நிலைத் தேர்வுக்குப் படித்தபோது என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது இந்திய தேசிய இயக்கம். சம்பவங்கள் எல்லாம் தெரியும், கதையாகச் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவேன், ஆனால் "காலவரிசைப்படுத்துக" என்று நான்கு நிகழ்ச்சிகளைக் கொடுத்து நான்கு விடைகளையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வைத்தால் அங்கேதான் மதிப்பெண் போகும். அதைச் சரிசெய்ய நான் பயன்படுத்திய முறையை, ஒரே ஒரு பத்தாண்டை எடுத்துக்கொண்டு முழுதாக எழுதுகிறேன்.

அடிப்படை பழைய முறைதான். நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை மனதில் நடந்துபோய், ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு நிகழ்ச்சியை வைப்பது. நான் எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டேன். 1900 முதல் 1947 வரை ஐந்து பத்தாண்டுகள், எனவே ஐந்து இடங்கள் போதும்: வாசல் 1900-கள், ஹால் 1910-கள், படுக்கையறை 1920-கள், சமையலறை 1930-கள், கொல்லைப்புறம் 1940-கள். எந்த அறை என்று தெரிந்தாலே "193" வரை வந்துவிடுகிறது, மிச்சம் கடைசி இலக்கம் மட்டும்தான். எண்களை எழுத்தாக மாற்றி வார்த்தை செய்யும் முறைகளும் இருக்கின்றன, ஆனால் நமக்கு வேண்டிய ஆண்டுகள் எல்லாமே 19-இல் தொடங்கும்போது அவ்வளவு உழைப்பு தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு அறையிலும் கதவில் தொடங்கி இடமிருந்து வலமாகப் பத்து இடங்கள், 0 முதல் 9 வரை. இதில் ஒரு சின்ன ஏற்பாடு ரொம்ப உதவியது. எல்லா அறையிலும் 5-ஆம் எண் இடத்தில் விரித்த கை ஒன்று ஒட்டியிருப்பதாக வைத்துக்கொண்டேன். அது இல்லாவிட்டால் 1937 எங்கே என்று கேட்டால் கதவிலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டியிருக்கும். கை இருந்தால் அதற்கு அடுத்து இரண்டாவது, அவ்வளவுதான்.

சமையலறையில் 0 என்பது கதவை ஒட்டிய அலமாரி. அங்கே உப்பு ஜாடி. 1930 அதில் தானாகவே உட்கார்ந்துகொண்டது. 5-இல் சிங்க், அதில் தண்ணீரில் ஊறிப்போன தடித்த சட்டப் புத்தகம்: 1935 இந்திய அரசுச் சட்டம். 7-இல் ஃப்ரிட்ஜ், அதன் மேல் ஓட்டுப்பெட்டி: 1937 மாகாணத் தேர்தல். 9 பின்கதவு. போரில் இந்தியாவைக் கேட்காமல் இழுத்துவிட்டதால் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகிய 1939. எல்லோரும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு கொல்லைப்புறத்துக்குப் போனால் அங்கே 1940 தொடங்குகிறது, தனிநபர் சத்தியாகிரகம் அங்கேதான் இருக்கிறது.

இதுவரை சுலபம். சிக்கல் 1930 முதல் 1932 வரையிலான மூன்றே இடங்களில், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் நாலைந்து நிகழ்ச்சிகள் நெருக்கியடிக்கின்றன, தேர்விலும் அங்கேதான் அதிகம் கேட்கிறார்கள். அத்தனைக்கும் படம் செய்து அலமாரியில் அடுக்கினால் எது முன் எது பின் என்பது கலைந்துவிடும். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: காரணம் சொல்லி வரிசைப்படுத்த முடிகிற எதற்கும் படம் செய்வதில்லை.

வட்டமேஜை மாநாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாநாடு தொடங்கியது 1930 நவம்பர். உப்புச் சத்தியாகிரகத்துக்காகக் காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள், எனவே காங்கிரஸ் போகவில்லை. காங்கிரஸ் இல்லாமல் பேசிப் பயனில்லை என்பதால் காந்தியை விடுதலை செய்து இர்வின் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது, அது 1931 மார்ச் 5. அந்த ஒப்பந்தத்தால்தான் 1931 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் மாநாட்டுக்குக் காந்தி போனார். அங்கே சிறுபான்மையினர் பிரதிநிதித்துவத்தில் உடன்பாடு வராததால் மெக்டொனால்டு தானே முடிவை அறிவித்தார், அதுதான் 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு. அதை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்து, அம்பேத்கருடன் செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம். நவம்பரில் மூன்றாம் மாநாடு, அதற்கும் காங்கிரஸ் போகவில்லை. இப்படி ஒன்று இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு வருவதைப் புரிந்துகொண்டால், இர்வின் ஒப்பந்தம் முதல் இரண்டு மாநாடுகளுக்கும் நடுவில்தான் இருக்க முடியும், வேறு எங்கும் பொருந்தாது. இதற்குப் படம் வைத்தால் இந்தத் தொடர்பு மறைந்துவிடும்.

ஆனால் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் தூக்கிலிடப்பட்ட 1931 மார்ச் 23, இந்தச் சங்கிலியில் வராது. இங்கே படம் வேண்டும். 1-ஆம் இடமான மிக்சியின் மேல் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாளை வைத்து, அதன் மேல் மூன்று கறுப்புக் கயிறுகளை வைத்தேன். தாள் கீழே, கயிறு மேலே: ஒப்பந்தம் முதலில், தூக்கு பிறகு. ஒரே ஆண்டுக்குள் கீழிருந்து மேலாக மாதவரிசை என்பது வீடு முழுக்க ஒரே விதி. ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்றே வாரத்தில் அந்த உயிர்கள் போயின என்பதை அந்தப் படம்தான் எனக்கு உறைக்க வைத்தது.

நாள் தேதிகளுக்கு நான் நம்பியது ஜோடி. 1919-இல் ரௌலட் சட்டத்துக்கு எதிரான ஹர்த்தால் ஏப்ரல் 6, ஜாலியன் வாலாபாக் ஏப்ரல் 13. அந்த ஒரு வாரத்தைக் காங்கிரஸ் பின்னாளில் தேசிய வாரமாக அனுசரித்தது. 1930-இல் தண்டியில் உப்பெடுத்ததும் ஏப்ரல் 6, ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பியது ஏப்ரல் 13. இரண்டு தேதி, நான்கு நிகழ்ச்சி. தண்டி யாத்திரையின் தொடக்கத்தைக் கணக்கிலேயே எடுக்கலாம்: மார்ச் 12, அதோடு 24 நாள், கடற்கரைக்கு வந்தது ஏப்ரல் 5, மறுநாள் உப்பு. ஜனவரி 26-உம் இப்படித்தான். 1930-இல் முழு விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்டது என்பதாலேயே 1950-இல் அரசியலமைப்பு அந்த நாளில் நடைமுறைக்கு வந்தது.

நின்றிருக்கிறதா என்று பார்க்க, வரிசையாக நடந்து ஒப்பிப்பது போதாது, அது எப்போதும் வந்துவிடும். நான் பின்கதவிலிருந்து தலைகீழாக நடப்பேன், அப்புறம் "பூனா ஒப்பந்தத்துக்குச் சற்று முன் எது?" என்று நடுவில் குதிப்பேன். 3 மணி நேரத்தில் 200 கேள்வி, ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. விடைக்காக வாசலிலிருந்து நடந்து வர வேண்டியிருந்தால் அந்த இடம் இன்னும் பதியவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடங்களை மட்டும் குறித்து வைத்து மறுநாள் காலையில் வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்தேன்.

ஒரே வீட்டில் இரண்டு பட்டியலை வைக்காதீர்கள். கவர்னர் ஜெனரல், வைஸ்ராய் வரிசையை நான் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் போகும் தெருவில் தனியாக வைத்தேன், அங்கேயும் லிட்டனுக்கு அடுத்த கடை ரிப்பன் என்பதற்குப் படத்தோடு காரணமும் இருந்தது: லிட்டன் 1878-இல் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தை நீக்கியவர் ரிப்பன். மற்றபடி ஒரு சட்டத்தின் உள்ளடக்கம், கூற்று-காரணம் வகைக் கேள்விகள், இவற்றுக்கு இந்த வீடு உதவாது. 1935 சட்டத்தில் மாகாணத் தன்னாட்சி என்ன, மத்தியில் இரட்டையாட்சி என்ன என்பதைப் பாடநூலை உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.