கோல் கும்பஸில் சுவரோடு வந்த குரல்

கர்நாடகத்தின் விஜயபுராவிலுள்ள பெரிய குவிமாடக் கல்லறையான கோல் கும்பஸில், மூலைக் கோபுரத்தின் குறுகிய படிகளில் ஏறி, குவிமாடத்தின் அடியைச் சுற்றிவரும் மாடத்துக்குள் நுழைந்தபோது எங்களுக்கு முன்பே ஒரு சுற்றுலாக் கூட்டம் அங்கே கத்திக்கொண்டிருந்தது. ஒரு கைதட்டல் ஏழெட்டு முறை திரும்பி வந்தது. எல்லோரும் சேர்ந்து தட்டினால் கேட்கவா வேண்டும்! எதிரொலியைத்தான் இந்த இடத்தின் அதிசயம் என்கிறார்கள். எனக்கென்னவோ அது இடைஞ்சலாகவே பட்டது. நான் கேட்க வந்தது வேறு: பள்ளிப் பாடத்தில் படித்த 'மெதுவாகப் பேசும் கூடம்'.

அவர்கள் இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, தம்பியை எதிர்ப்பக்கம் அனுப்பினேன். உட்புற விட்டம் சுமார் 38 மீட்டர். அங்கே உட்கார்ந்தவன் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. காதைச் சுவரருகே வைத்தேன். "அண்ணா, கேக்குதா?" என்ற அவன் கிசுகிசுப்பு பக்கத்தில் நின்று சொன்னதுபோல இருந்தது. சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வந்தேன், குரல் மங்கிவிட்டது. மறுபடி ஒட்டினேன், மறுபடி வந்தது.

குவிமாடம் ஒலியை எதிர்ப்புள்ளியில் குவிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலய மாடத்தை ஆராய்ந்த இயற்பியலாளர் ரேலி பிரபு அதை மறுத்தார். ஒலி வளைந்த சுவரில் சின்னச் சின்னக் கோணங்களில் பட்டுப்பட்டு, அதை ஒட்டியே ஊர்கிறது என்றார். அப்படியானால் எதிரே மட்டுமல்ல, வழியில் எங்கு காதை வைத்தாலும் கேட்க வேண்டும். தம்பியைப் பேசச் சொல்லிவிட்டு பாதி தூரம் நடந்து பார்த்தேன். அங்கேயும் கேட்டது.

திறந்த வெளியில் ஒலி எல்லாப் பக்கமும் சிதறும். ஒரு மீட்டரில் இருந்த வலிமை 38 மீட்டரில் ஏறக்குறைய 1,400-ல் ஒரு பங்காகிவிடும். சுவரோடு போகும் ஒலி அரைவட்டம் சுற்ற வேண்டும், சுமார் 60 மீட்டர். தூரம் அதிகம்தான். ஆனால் மையத்தை நோக்கிச் சிதறாமல் சுவரோரமே தங்குவதால், தோராயமாக 60-ல் ஒரு பங்கு மிஞ்சும். வந்து சேர எடுக்கும் நேரம் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

அப்புறம் தம்பி வழக்கமான கனத்த குரலில் பேசினான். ஒரு வார்த்தையும் புரியவில்லை. கிசுகிசுப்பில் உயர்ந்த அதிர்வெண்களே அதிகம், அந்தக் குட்டை அலைகள்தான் சுவரை நன்றாக ஒட்டிப் போகும். கனத்த குரலின் நீள அலைகள் மாடம் முழுக்கப் பரவி, எதிரொலியில் குழம்பிவிடுகின்றன. போகிறவர்கள் மாடத்தின் நடுவைப் பார்த்துப் பேசாமல், சுவர் நீளும் திசையில் வாயை வைத்து முணுமுணுத்துப் பாருங்கள்.

சி. வி. ராமனும் 1922-ல் வெளியிட்ட கட்டுரையில் இந்த மாடத்தைச் சேர்த்திருக்கிறார். அதைத் தம்பியிடம் சுவர்வழியே சொல்லிக்கொண்டிருந்தபோது, பாதியில் அடுத்த கூட்டம் வந்து கைதட்டியது.