கெட்டானா, கேட்டானா: பழைய வேத அச்சை இன்றைய எழுத்துக்கு மாற்றியது

தரங்கம்பாடியில் 1714-இல் அச்சான ‘அஞ்சு வேத பொஸ்தகம்’ காலத்து எழுத்து முறையில் உள்ள சில பக்கங்களை, கடலூர் முதுநகரில் இருந்தபடி இன்றைய எழுத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்ததுதான் அந்த அஞ்சு.

அந்த முறையில் மெய்க்குப் புள்ளி கிடையாது. எ, ஏ இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஒ, ஓ-வும் அப்படியே. காலும் ரகரமும் ஒரே வடிவம். அதனால் ‘போவான்’ என்பதை உள்ளபடி தட்டினால் ‘பெரவரன’ என்று வரும். குறில் நெடிலைப் பிரித்துக் காட்டும் இன்றைய வடிவங்களை வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்வார்கள். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘னை’, ‘றா’ வடிவங்கள் தொல்லையில்லை. எழுத்துரு மாறினாலே போதும்.

ஒரே கோப்பில் திருத்திக்கொண்டே போனால் எதை மாற்றினோம் என்பதே தெரியாமல் போகும். அதனால் உள்ளபடி தட்டியது ஒரு கோப்பு, புதிய எழுத்து இன்னொரு கோப்பு, வரிக்கு வரி. அப்புறம் புதியதைத் திரும்பப் பழசாக்கி ஒப்பிடுகிறேன்:

```python
import unicodedata
def old(s):
    s = unicodedata.normalize("NFD", s)
    for a, b in [("ே","ெ"),("ஏ","எ"),("ஓ","ஒ"),
                 ("ா","ர"),("்",""),(" ","")]:
        s = s.replace(a, b)
    return s
```

இரு கோப்பிலும் ஒரே வரிக்கு `old` ஒரே விடை தந்தால் நான் எழுத்தை மட்டுமே தொட்டிருக்கிறேன். பழக்கத்தில் ‘அஞ்சு’ என்பதை ‘ஐந்து’ என்று எழுதினாலும், அச்சில் இல்லாத வல்லினத்தைச் சேர்த்து ‘அதைப் பார்’ ஆக்கினாலும் அந்த வரி மாட்டிக்கொள்ளும். ‘சறுவேசுரன்’ என்பதைத் ‘தேவன்’ ஆக்குவதும் அப்படித்தான். அது சொல்லை மாற்றுவது, எழுத்தை அல்ல. ‘பொஸ்தகம்’ அந்தக் காலத்துப் பேச்சின் சாயல், அதையும் விட்டுவைக்கிறேன்.

ஆனால் இந்தச் சோதனைக்குப் பொருள் தெரியாது. கெட்டான், கேட்டான் இரண்டுமே பழசாகும்போது ஒன்றுதான். தகப்பனிடம் பங்கு வாங்கிப் போன இளைய மகன் கதையில் இரண்டுக்கும் இடமுண்டு: பங்கைக் கேட்டான், தூர தேசத்தில் கெட்டான். முன்னால் ‘பங்கை’ போல இரண்டாம் வேற்றுமை இருந்தால் கேட்டான்தான், ஏனென்றால் கெடுதலுக்குச் செயப்படுபொருள் வராது. அது இல்லாமல் ‘கெட்டுப் போனான்’ என்று மட்டும் இருந்தால் சிக்கல். ‘கேட்டுப் போனான்’, அதாவது கேட்டுவிட்டுப் போனான் என்றும் படிக்க இலக்கணம் இடம் கொடுக்கும். அங்கே முன்னும் பின்னும் உள்ள வசனங்களைப் பார்க்கிறேன். சொத்தை அழித்த பேச்சு நடக்கிறதென்றால் குறில், தகப்பனிடம் பேசிக்கொண்டிருக்கிறான் என்றால் நெடில்.

எழு–ஏழு, கொல்–கோல், பெறு–பேறு என இப்படிப்பட்ட இணைகளை ஒரு பட்டியலாக வைத்திருக்கிறேன். சோதனையில் தேறிய பக்கத்திலும் இந்தச் சொற்களைத் தேடி, ஒவ்வொரு இடத்தையும் பெரியப்பாவிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். தடுமாறினால், “தம்பி, முந்தின வசனத்திலிருந்து படி” என்பார். அப்படியும் தீராத இடத்தில் புதிய கோப்பில் ஒரு வாசிப்பை எழுதி, மற்றதை ஓரத்தில் குறித்துவிடுகிறேன்.