மூன்று மாவட்டத்துக்கும் நான் ஒருவன்தான்

கோயம்புத்தூரில் நீர்மூழ்கி மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியிடம், திண்டுக்கல், மதுரை, தேனி மூன்று மாவட்டத்துக்கும் என்னை மட்டுமே விநியோகஸ்தராகப் போடுங்கள் என்று கேட்கப் போனேன். அதற்கு முன் இரண்டு மாதம் ஒரு நோட்டும் கையுமாக 22 கடைகள் ஏறி இறங்கியிருந்தேன். "எத்தனை விற்பீங்க?" என்று கேட்டால் எல்லோரும் தாராளமாகத்தான் சொன்னார்கள். அதனால் போன கோடையில் எந்தக் கம்பெனி மோட்டார் எத்தனை எடுத்தார்கள் என்று கொள்முதல் பில்லைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அதில் எங்கள் பக்கம் திருப்ப முடியும் என்று நம்பியதைக் கூட்டினால் வருஷத்துக்கு 480 வந்தது.

முதலாளி அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "சரிங்க தம்பி, மாசம் 40 எடுத்துக்கிறேன்னு எழுதிக் கொடுத்துருங்க" என்றார். கணக்கு சரிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கிணறு நிரம்பிக் கிடக்கும்போது மோட்டார் வாங்க யார் வருவார்கள்? மாதம் 40 என்று ஒத்துக்கொண்டால் டார்கெட்டுக்காக பில் போட்டுச் சரக்கை குடோனில் அடுக்க வேண்டிவரும். கம்பெனிக் கணக்கில் அது விற்பனை. எனக்கோ வட்டி ஏறும் கடன்.

நான் காலாண்டு வாரியாகப் பிரித்து எழுதிக் காட்டினேன்: ஜனவரி முதல் மார்ச் வரை 150, அடுத்த மூன்று மாதம் 190, பிறகு 90, கடைசியில் 50. தொடர்ந்து இரண்டு காலாண்டு குறைந்தால் எனக்கான தனி உரிமை போகட்டும், அவர்கள் வேறு ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் என் விநியோகம் தொடர வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் ஒத்துக்கொண்டார்.

நான் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. முதல் கோடையிலேயே வேடசந்தூர் கடையில் எங்கள் கம்பெனி மோட்டார் என் விலையைவிடக் குறைவாக விற்றது. கடைக்காரர் என்னிடம் வாங்கவே இல்லை. மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த தகட்டிலிருந்து வரிசை எண்ணை எழுதிக்கொண்டு வந்து என் பில்களோடு ஒப்பிட்டேன். எதிலும் அந்த எண் இல்லை. கம்பெனியில் கேட்டபோது அது கரூர் விநியோகஸ்தருக்குப் போன சரக்கு என்று தெரிந்தது. அவர் தன் டார்கெட்டை முடிக்க எல்லை தாண்டித் தள்ளிவிட்டிருக்கிறார். அந்த மோட்டார் பழுதானால் பழுது பார்க்க ஓடப்போவது என் மெக்கானிக். விற்ற எண்ணிக்கை மட்டும் அவர் கணக்கில்.

உண்மையாகவே மனம் நொந்துபோனேன். 'மூன்று மாவட்டத்துக்கும் இவர் மட்டுமே' என்ற ஒரு வரி, வெளியிலிருந்து வரும் சரக்கை நிறுத்தாது என்று அன்றுதான் உறைத்தது. அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்க்கச் சொன்னேன்: என் எல்லைக்குள் வேறொருவர் சரக்கு வந்தது வரிசை எண்ணால் உறுதியானால், அந்த எண்ணிக்கை என் கணக்கில் சேரும், அவர் கணக்கில் கழியும். கம்பெனி நேரடியாக என் ஏரியாவில் போடும் டெண்டர் சரக்குக்கும் இதே கணக்கு என்றேன். டெண்டருக்கு மட்டும் அவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.