பத்து நிமிடத்துக்கு ஒரு உருண்டை

பி.எட். படிப்பில் ஒரு நேரத்தில் ஒரே கற்பித்தல் திறனைப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் எனக்கு வந்தது விளக்குதல் திறன். பத்து நிமிடம், வகுப்புத் தோழர்கள் எட்டுப் பேர்தான் மாணவர்கள். ஆத்தங்குடியில் சித்தப்பா தரைக்கல் பட்டறையில் வேலை செய்வதால், எட்டாம் வகுப்பு வேதி மாற்றத்துக்கு ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொண்டேன்.

முதல் திட்டத்தில் எல்லாம் இருந்தது: கண்ணாடித் தட்டில் சாயக் கலவை ஊற்றுவது, மேலே சிமென்டும் மணலும் போடுவது, செட்டிநாட்டு வீட்டுத் தளங்களின் அழகு, கடைசியில் கொஞ்சம் வேதியியல். பார்த்துக் குறிக்கும் தோழி, 'ஏனெனில்', 'ஆகவே' போன்ற இணைப்புச் சொற்களுக்கு ஒரு கோடும், பொருளுக்கு வெளியே போனால் வேறொரு கோடும் போட்டுக்கொண்டே வந்தாள். இரண்டாவது வகைக் கோடுகள்தான் அதிகம். அதைவிட மோசம், "கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், அதனால் கெட்டியாகிறது" என்று நான் சொன்னது. மாணவனாக உட்கார்ந்திருந்த ஒருவர் கை தூக்கினார்: "டீச்சர், களிமண்ணைத் தண்ணீரில் போட்டால் கரைந்துதானே போகிறது?"

பதில் இல்லை. 'அதனால்' என்ற சொல் இருந்தது, காரணம் இல்லை. கோடு போடுபவருக்கு அது இணைப்புச் சொல்தான் என்பது வேறு விஷயம்.

மறுதிட்டத்தில் அந்தக் கேள்வியையே பாடமாக்கினேன். சொல்லவேண்டியதை ஒரே வாக்கியமாக எழுதிவைத்தேன்: சிமென்ட் உலர்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து புதிய பொருளாவதால் கெட்டியாகிறது. இதற்கு உதவாத எதையும் அடித்துவிட்டேன். தளத்தின் அழகை அடிக்கும்போது மட்டும் மனம் வரவில்லை.

முந்தின நாள் காலையில் களிமண்ணில் ஒன்று, சிமென்டில் ஒன்று என நெல்லிக்காய் அளவில் இரண்டு உருண்டைகள் பிடித்துக் காயவைத்தேன். மறுநாள் இரண்டுமே கல் மாதிரி இருந்தன. முதல் நிமிடத்தில் அவற்றைக் கையில் கொடுத்து, "எது கரையும்?" என்று கேட்டுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டேன். களிமண் ஓரம் ஓரமாக உதிர்ந்து அடியில் சேறாக இறங்கியது. அடுத்த ஆறு நிமிடமும் அதை வைத்துத்தான். களிமண்ணிலிருந்து தண்ணீர் வெளியேறியது, அவ்வளவுதான்; ஆகவே தண்ணீர் திரும்ப வந்ததும் பழையபடி மண். சிமென்டில் தண்ணீரின் ஒரு பகுதி வினைபுரிந்து உள்ளேயே தங்கிவிட்டது. ஆகவே பழைய தூள் இனி வராது.

மீதி மூன்று நிமிடம் கேள்விக்கும் முடிவுரைக்கும். "புரிந்ததா?" என்று கேட்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன், எட்டுத் தலையும் ஆடும். நான் சொல்லாத ஒன்றைக் கேட்டேன்: "மாடித் தளம் போட்ட மறுநாள் ஏன் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள்?"

"சூடு தணிய" என்றார் ஒருவர். களிமண் கேள்வி கேட்டவர் சற்று யோசித்துவிட்டு, "வெயிலில் தண்ணீர் வற்றினால் வினை பாதியில் நின்றுவிடும், டீச்சர்" என்றார்.