காலாண்டுக்கு முன் நான்கு வாரம்: எங்கள் டியூஷன் சென்டருக்குப் போட்ட பதிவு அட்டவணை

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் அண்ணி எங்கள் வீட்டு மாடியில் டியூஷன் சென்டர் தொடங்கினார். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, சமச்சீர் பாடத்திட்டம், கணக்கும் அறிவியலும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். பெற்றோர் டியூஷன் தேடுவது பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய வாரங்களில்தான். கையில் இருந்தது சுமார் நான்கு வாரம். அண்ணிக்குச் சாயங்காலம் முழுக்க வகுப்பு, எனக்குப் பகல் முழுக்க அலுவலகம். அந்த நான்கு வாரத்துக்கும் என்ன பதிவு, எந்த நாளில், யாருக்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் நடக்கும் என்று அட்டவணை போடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் எங்கே போடுவது என்பதைத் தீர்த்துக்கொண்டோம். எங்களுக்கு வரப்போகிற பிள்ளைகள் நான்கைந்து தெருவுக்குள் இருப்பவர்கள். இன்ஸ்டாகிராமில் வேறு ஊர்க்காரர் ஆயிரம் பேர் பார்த்தாலும் பயனில்லை. அதனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் எண் சேமித்திருக்க வேண்டும். ஆகவே முதல் வாரத்துப் பதிவுகளின் வேலையே எண்ணைச் சேமிக்க வைப்பதுதான். வாசலில் ஒட்டிய நோட்டீஸிலும், விசாரிக்க வந்தவர்களிடமும் ஒரே வேண்டுகோள்: "இந்த நம்பரைச் சேவ் பண்ணிட்டு, பிள்ளை எந்த வகுப்புன்னு ஒரு மெசேஜ் போடுங்க." வகுப்பைச் சொன்னவுடன் அந்த வகுப்புக்கான லிஸ்ட்டில் சேர்த்துவிடுவோம். ஒரு செய்தி அனுப்பியபின் மெசேஜ் இன்ஃபோவைத் திறந்து பார்த்தால் யாருக்குச் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். நேற்று சேர்த்த பெயர் அதில் வரவில்லை என்றால், பெரும்பாலும் அவர் இன்னும் நம் எண்ணைச் சேமிக்கவில்லை.

அப்புறம் அட்டவணை. தேதிக் கட்டங்களை நிரப்புவதற்கு முன், எழுதக் கூடாத நாட்களை அடித்துவிட்டேன். விநாயகர் சதுர்த்தி, பள்ளிகளில் அலகுத் தேர்வு நடக்கும் நாட்கள், கடைசியில் காலாண்டுத் தேர்வு நாட்கள். பண்டிகை அன்று எல்லார் ஸ்டேட்டஸிலும் வாழ்த்துப் படம்தான் இருக்கும், அதற்கு நடுவில் நம் பதிவு காணாமல் போகும். ஆசிரியர் தினத்தை மட்டும் விட்டு வைத்தேன். மீதியில் வாரத்துக்கு மூன்று: திங்கள், புதன், சனி. இரவு எட்டரைக்கு மேல் அண்ணிக்கு வகுப்பு முடிந்துவிடும், அதன்பின் போட்டால் யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல முடியும். பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் பதிவு போடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து.

என்ன எழுதுவது என்று நாங்கள் யோசித்து மண்டையை உடைக்கவில்லை. விசாரிக்க வந்த பெற்றோர் கேட்ட கேள்விகளை அண்ணி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். "கணக்கு மட்டும் சேர்க்கலாமா?" "நடத்தி முடிச்ச பாடத்தை மறுபடி நடத்துவீங்களா?" "ராத்திரி எத்தனை மணிக்கு விடுவீங்க, பொண்ணு தனியா வருவா." ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவு. கடைசிக் கேள்விக்குப் பதிலாக வகுப்பு முடியும் நேரம், தெருவிளக்கு இருக்கும் வழி, அழைக்க வரும் பெற்றோர் உட்காரும் இடம் மூன்றையும் எழுதினோம். கட்டணத்தையும் முதல் வாரத்திலேயே போட்டுவிடச் சொன்னேன். அண்ணி தயங்கினார். "நேரில வந்தா பேசிக்கலாமே" என்றார். ஆனால் வகுப்பு நேரத்தில் வரும் போன்களில் பாதி கட்டணம் கேட்டுத்தான். போட்டபின் அந்த அழைப்புகள் நன்றாகக் குறைந்தன.

இரண்டாம் வாரம்தான் முக்கியம். மற்ற சென்டர்கள் போன வருட மதிப்பெண்களையும் மாணவர் படங்களையும் பெரிதாகப் போடுகின்றன. புதிதாகத் தொடங்கிய எங்களிடம் அது கிடையாது. அதனால் அண்ணி எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார் என்பதையே காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண். வரைபடத்தில் பிள்ளைகள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். ஒரு கிராஃப் தாளை எடுத்து y = x² + x − 12 என்பதற்குப் புள்ளிகள் வைத்துக் காட்டினார். x மதிப்பு −1 ஆனாலும் 0 ஆனாலும் y மதிப்பு −12தான் வரும். பையன்கள் அந்த இரண்டு புள்ளியையும் ஸ்கேலால் நேர்கோடாக இணைத்துவிடுவார்கள், பரவளையத்தின் அடி தட்டையாகிவிடும். உண்மையில் நடுவில் x = −0.5 என்ற இடத்தில் வளைவு −12.25 வரை இறங்கும். தாளில் அது மிகச் சிறிய இறக்கம், ஆனால் கையால் வளைத்து வரைந்திருக்கிறானா என்பது அங்கேதான் தெரியும்.

இதையே பதிவாக்கினோம். தட்டையான அடி ஒரு படம், சரியான வளைவு இன்னொரு படம், கீழே நான்கு வரி விளக்கம், கடைசியில் "உங்கள் பிள்ளையின் நோட்டில் அடி எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி. இரண்டும் அண்ணியே பென்சிலால் வரைந்து பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்த படங்கள். அன்றிரவே ஒரு அம்மா மகனுடைய கிராஃப் தாளைப் படமெடுத்து அனுப்பினார். அண்ணி அதில் இரண்டு இடங்களைக் குறித்துத் திருப்பி அனுப்பினார், கூடவே அச்சுகளுக்கு அளவுத்திட்டம் எழுதாமல் விட்டதையும் சொன்னார். அந்தப் பையன் அடுத்த வாரம் சேர்ந்தான்.

பிள்ளைகளின் முகம் எந்தப் படத்திலும் வரக் கூடாது என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டோம். நோட்டுப் பக்கம் போடுவதானால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு, பெயரும் பள்ளி முத்திரையும் தெரியாமல் எடுப்போம்.

நேரம் மிச்சமானது தயாரிப்பைச் சேர்த்துச் செய்ததால். ஒரு ஞாயிறு மதியம் அண்ணி வரைவார், நான் படம் எடுத்து கேன்வாவில் ஒரே அச்சில் எழுத்தைப் பொருத்துவேன். அந்த ஒரு உட்காரலில் இரண்டு வாரத்துக்கானது முடிந்துவிடும். கூகுள் ஷீட்டில் ஒரு வரிசைக்கு ஐந்து கட்டங்கள்தான்: தேதி, எந்த வகுப்புக்கு, யார் கேட்ட கேள்வி, படம் தயாரா, பதில் சொல்லப்போவது யார். "யார் கேட்ட கேள்வி" என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பதிவை எடுத்துவிடுவோம். யாரும் கேட்காததை நாமே கற்பனை செய்து எழுதியதாகத்தான் அது இருக்கும். "கணிதம் ஏன் முக்கியம்" என்று நான் எழுதி வைத்திருந்த ஒன்று அப்படித்தான் போனது.

மூன்றாம் வாரத்தில் சனிக்கிழமைக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தேன். பக்கத்துப் பள்ளி ஒன்று அறிவியல் அலகுத் தேர்வை முன்னால் தள்ளியது. காலிக் கட்டம் இருந்ததால் அந்தப் பாடத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களை வியாழக்கிழமையே போட்டுவிட்டு மற்றதைத் தொடாமல் விட முடிந்தது.

நான்காம் வாரம் மிகவும் மெலிந்தது. தேர்வு நெருங்கிய வீட்டில் அம்மாவே போனைப் பிடுங்கி வைத்திருப்பார். திங்களன்று தேர்வுக் காலத்து வகுப்பு நேரம், புதனன்று கேள்வித்தாளைப் பத்திரமாகக் கொண்டு வரச் சொல்லி ஒரு செய்தி, அவ்வளவுதான். சனிக்கிழமைக்கு வைத்திருந்த பதிவை விடுமுறை முடிந்து விடைத்தாள் கொடுக்கும் நாளுக்கு நகர்த்தினேன். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பிழை கவனக்குறைவு, எது பாடம் புரியாதது என்று பிரித்துப் பார்க்கும் முறையை அண்ணி அதற்காக எழுதித் தந்திருக்கிறார்.